எந்த இடத்தில் சிரித்தீர்கள்?

நான் சிரித்ததை ஆராய்ச்சிப் பொருளாக மதித்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். மற்றவர்கள், என் மனைவி உட்பட, "என்ன சிரிப்பு?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பது கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும். அவர் மட்டும் "எந்த இடத்துல சிரிச்சீங்க?" என்று கேட்பார். பதில் வரும்வரை விடமாட்டார். "சும்மா, பொதுவாகச் சிரித்தேன்" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். பொதுவாக யாரும் சிரிப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட நொடியில்தான் சிரிக்கிறார்கள், அந்த நொடிக்கு ஒரு காரணம் உண்டு என்பது அவருடைய கட்சி.

அவர் காது சோதிப்பவர். சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், புடவைக் கடைக்கு மேல் மாடியில், சின்ன கிளினிக். "கொஞ்ச நாளா நான் சொல்றது எதுவும் உங்க காதுல விழறதில்ல" என்று வீட்டில் புகார் முற்றியதால் அங்கே போனேன். கண்ணாடி வைத்த ஒரு சத்தம் புகாத அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். "சத்தம் கேட்டா அழுத்துங்க. சின்னதா கேட்டாலும் அழுத்துங்க. கேட்ட மாதிரி தோணினாலும் அழுத்துங்க." அழுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மேசையில் ஒரு சிறு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

சோதனை முடிந்தது. என் காதில் ஒரு குறையும் இல்லை என்றார். வீட்டுக்குத் தெரியாமல் இதை மறைக்க வழியுண்டா என்று கேட்டேன்.

"ரிப்போர்ட்டை மாத்த முடியாது சார். வேணும்னா கொஞ்சம் லேட்டா அனுப்பலாம்லா" என்றார், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல்.

ரிப்போர்ட் அச்சாகிக்கொண்டிருந்தபோது அவருடைய மேசைக் கணினியில் ஒரு காணொளி ஓடியது. வயதான ஒரு நடிகர், இளமையில் எடுத்த படம், நடந்து வருகிறார். மெதுவாக வருகிறார். அவ்வளவு மெதுவாக இந்த ஊரில் யாராவது நடந்தால் பின்னாலிருந்து "எக்ஸ்கியூஸ் மீ" வந்துவிடும். சத்தம் குறைத்து வைத்திருந்தும் மேசையிலிருந்த பேனா ஸ்டாண்டு அதிர்ந்தது. நான் சிரித்துவிட்டேன்.

அவர் தலை நிமிர்ந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

காணொளியைச் செய்தவரே அவர்தான் என்பது இரண்டு நிமிடம் கழித்துத் தெரிந்தது. பகலெல்லாம் "ஹெட்ஃபோன்ல சவுண்ட குறைங்க, காது போயிடும்" என்று ஊருக்கு உபதேசம் செய்கிற பெண்மணி, செங்காங்கில் உள்ள தன் வீட்டில் உட்கார்ந்து, தன் அபிமான நடிகருக்கு இடிமுழக்கம் கோத்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. பருத்திப் புடவை, காலில் ஓட்டப்பந்தயக் காலணி. அந்த நடிகரை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. "எங்காளு" என்பார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"ஏன் மேடம் இவரு? நல்லா நடிக்கிறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்களே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மத்தவங்க நடந்தா மியூசிக் போடணும் அண்ணே. எங்காளு நடந்தா மியூசிக் எங்க வரணும்னு கால்லயே தெரியும்."

அதற்குள் நான் சாரிலிருந்து அண்ணனாகியிருந்தேன்.

ரசிகர் காணொளி என்றால் நான்கு காட்சியை வெட்டி ஒட்டி, மேலே பாட்டைப் போட்டுவிடுவது என்று நினைத்திருந்தேன். புத்தகம் நிறையப் படித்தவர்களுக்கே உரிய அறியாமை அது. ஒரு மதிய இடைவேளையில் அவர் எனக்கு அதைப் பிரித்துக் காட்டினார்.

சினிமா நொடிக்கு இருபத்து நாலு படம். அதை நாலு மடங்கு மெதுவாக ஓட்டினால் ஆள் நடக்க மாட்டார், துள்ளித் துள்ளி நிற்பார். ஆகவே இரண்டு படத்துக்கு நடுவில் இல்லாத படங்களை மென்பொருள் தானாகவே கற்பனை செய்து வரைந்து நிரப்புகிறது. கை வீசுவதை ஒழுங்காகக் கற்பனை செய்யும். ஒரு கால் இன்னொரு காலைக் கடக்கும்போது அதற்குக் குழப்பம் வந்துவிடும். எது எந்தக் கால் என்று தெரியாமல் இரண்டையும் உருக்கி ஒட்டிவிடும். அவர் நிறுத்திக் காட்டினார். எங்காளுக்கு மூன்று முழங்கால் இருந்தது. பின்னாலிருந்த கம்பிவேலி அவர் இடுப்போடு சேர்ந்து வளைந்தது.

"அதனால கால் கடக்கிறதுக்கு முன்னாடியே அடுத்த ஷாட்டுக்குத் தாவிடணும். இல்லைன்னா அந்த இடத்துல வேகமா ஓட்டிட்டு, கால் தரையில படும்போது மட்டும் இழுத்து மெதுவாக்கணும்." வேகம் ஒரே அளவில் இருக்காது. திரையில் அந்த வேகத்தைக் காட்டும் ஒரு கோடு மேலே ஏறி, சரிந்து, தரையோடு படுக்கும். அது படுக்கும் புள்ளியும் முரசு அடிக்கும் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு படம் முந்தினாலும், ஏன் என்று தெரியாமலேயே பார்ப்பவருக்கு அரிக்கும்.

அதன் பிறகு வண்ணம். வானத்தைக் கறுக்கடித்து முகத்துக்குச் செம்பு பூசுவது. அதன் பிறகு குலுக்கல். முரசு விழும்போது படச்சட்டமே அதிர வேண்டும், ஒரு வெள்ளை மின்னல் வேறு. அகலப் படத்தை ஃபோனுக்காக நெட்டுக்குத்தாக வெட்டும்போது எங்காளு நடுவிலேயே இருக்கும்படி சட்டத்தை அவரோடு கூடவே நகர்த்துவது. இதையெல்லாம் அவர் உற்சாகமாகச் சொன்னார். ஆனால் சத்தத்துக்கு வந்தபோதுதான் அவருடைய குரலே மாறியது.

"ஃபோன்ல இடி வராது அண்ணே. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால அந்த அடிமட்ட பேஸ் சத்தத்த தள்ள முடியாது. அதனால அதோட மேல் ஸ்வரங்கள கொஞ்சம் கரகரப்பாக்கி சேர்த்துடுவேன். மேல இருக்கிறத வெச்சு கீழ இருக்கிறத மூளையே நிரப்பிக்கும். இல்லாத இடியை நீங்க கேட்பீங்க."

"அப்ப நீங்க ஏமாத்துறீங்க."

"மூளை ஏமாறுது. நான் ஹெல்ப் பண்றேன்."

இன்னொன்றும் சொன்னார். இணையத் தளங்கள் எல்லாக் காணொளிகளின் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். முழுக்கச் சத்தமாக வைத்தால் முழுக்கக் குறைத்துவிடும். எனவே இடி பெரிதாகத் தெரிய ஒரே வழி, அதற்கு முன்னால் சத்தமே இல்லாமல் செய்வது. யாரோ ஒருவன் "அவன் வருவானா?" என்பான். எல்லாம் அடங்கும். ஒரு கதவுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம், அல்லது ஒரு செருப்பு உரசும் சத்தம். காது தன்னைத் திறந்துகொண்டு காத்திருக்கும். அப்போது போட வேண்டும்.

பாட்டு நிறுவனங்கள் இசைக்கு உரிமை கேட்டு ஊமையாக்கிவிடும் என்பதால் அவர் சொந்த இடி வைத்திருந்தார். அனுமதி வாங்கி ஒரு உறுமி மேளக் குழுவின் ஒத்திகையில் போய்ப் பதிவு செய்தது. அந்த உறுமியை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் அது மேளமாக இருக்காது, மலை சரிவதாக இருக்கும்.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகு நான் சிரிப்பதை நிறுத்தினேனா? இல்லை. அதுதான் அவருக்கு என்னைப் பிடித்ததற்குக் காரணம்.

மதிய வேளையில் நோயாளிகள் இல்லாதபோது என்னை அந்த அறைக்குள் உட்காரவைத்துவிடுவார். முன்னால் ஒரு டேப்லெட், காதில் ஹெட்ஃபோன், கையில் அதே பட்டன். "சிரிப்பு வந்தா அழுத்துங்க. அடக்கினாலும் அழுத்துங்க." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரியும்போதெல்லாம் அவர் விசைப்பலகையைத் தட்டுவார். காணொளியின் நீளக்கோட்டில் ஒரு பச்சைக் குறி விழும். சம்பளமில்லாத சோதனை எலியாக நான் அங்கே பல மதியங்கள் உட்கார்ந்தேன். அவர் வாங்கி வைத்திருக்கும் மீ கோரிங் நூடுல்ஸும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை.

குறிகளைப் பார்த்து அவர் விசாரிப்பார்.

"இங்க ஏன்?"

"பின்னால டீக்கடையில ஒருத்தர் டீ ஆத்துறாரு பாருங்க. அவரும் ஸ்லோ மோஷன்ல ஆத்துறாரு. உலகத்தையே காப்பாத்துற மாதிரி ஆத்துறாரு."

அவர் நிறுத்தி, டீக்கடைக்காரரை முதல்முறையாகப் பார்த்தார். அந்தப் படத்தை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்கிறவர். "இந்தாளு இங்க இருக்காரா?" என்றார்.

அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ரசிகருக்குச் சட்டத்தின் நடு மட்டும்தான் தெரியும். ரசிகரல்லாதவனுக்கு நடுவில் வேலை இல்லை, ஓரத்தில் மேய்கிறான். ஓரத்தில் ஒரு கோழி இருக்கும், ஒரு துணை நடிகர் மூக்கைச் சொறிவார். மென்பொருள் எல்லோரையும் சமமாக மெதுவாக்கும். இடி எல்லோருக்கும் சேர்த்துத்தான் விழும்.

"இங்க?"

"எங்க போறாருன்னே தெரியலையே மேடம். வர்றாரு, வர்றாரு, வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சுடுது. ஒருவேளை பால் பாக்கெட் வாங்கப் போறாரோ என்னவோ."

அவர் பொறுமையாகச் சொன்னார்: "அந்த நடைக்கு முன்னாடி ரெண்டரை மணி நேரம் இருக்கு அண்ணே. தங்கச்சி கல்யாணம் நின்னுடுச்சு, வேலை போயிடுச்சு, ஊரே காறித் துப்பிடுச்சு. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு சும்மா இருந்த ஆளு இப்பத்தான் எழுந்து நடக்குறாரு. எனக்கு அது அத்தனையும் தெரியும். உங்களுக்கு அது ஒரு ஆள் நடக்கிறது."

"அதத்தான் நானும் சொல்றேன். கடன் கொடுக்காமலே வட்டி மட்டும் கேக்குற மாதிரி இருக்கு."

"அப்படிப் போடுங்க" என்று சொல்லி, குறிக்குப் பக்கத்தில் ஏதோ தட்டினார். அவமானப்பட்டதாகவே தெரியவில்லை. நோயாளிக்கு எந்தச் சுரம் கேட்கவில்லை என்று கண்டுபிடித்தவரின் திருப்தி முகத்தில் இருந்தது.

ஆனால் அவர் அவமானப்பட்ட ஒரு நாளும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நான் பார்த்தேன். அவருடைய ஒரு காணொளியை யாரோ எடுத்து, இடியை உருவிவிட்டு, ஐஸ்கிரீம் வண்டி மணியை வைத்து உலவவிட்டிருந்தார்கள். கிணி கிணி என்று மணியடிக்க எங்காளு கம்பீரமாக நடந்தார். கால் பட்ட இடத்தில் எல்லாம் மணி சரியாக விழுந்தது. அந்தத் துல்லியம் இவருடையது. இவருடைய உழைப்பை வைத்தே இவருடைய ஆளைக் கோமாளியாக்கிவிட்டார்கள். சிங்கப்பூரில் தமிழ் தெரிந்த எல்லா ஃபோனிலும் அது சுற்றியது.

அன்று நான் வரவேற்பறையில் இருந்தேன். சோதனைக்கு வந்த ஒரு பெரியவர், செய்தவர் யாரென்று தெரியாமல், அவரிடமே ஃபோனை நீட்டினார். "மேடம், இத பாருங்க. வயித்த வலிக்குது."

அவர் முழுவதும் பார்த்தார். "ஃபோன்ல சவுண்ட் ரொம்ப வெச்சிருக்கீங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். அன்று என்னைப் பட்டனோடு உட்காரவைக்கவில்லை. மீ கோரிங்கும் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம் அவரே எனக்கு ஃபோன் செய்தார். பேச்சில் மூச்சு வாங்கியது. எங்காளு சிங்கப்பூர் வருகிறார். கேலாங் பக்கம் ஓர் அரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை நிகழ்ச்சி. அவர் அரங்கத்தின் பின்வாசல் வழியாக நுழைந்து ரசிகர்கள் நடுவே நடந்து மேடை ஏறுவார். அப்போது திரையில் ஓட ஒரு காணொளி வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"வாழ்த்துகள்" என்றேன்.

"டிக்கெட் பாதிதான் வித்திருக்கு அண்ணே. மீதியை சும்மா கொடுக்குறாங்க. குடும்பம் குடும்பமா வருவாங்க. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு எங்காளை அந்த மணிச் சத்தத்துலதான் தெரியும். நான் இடியப் போட்டா அவங்க சிரிப்பாங்க. அவரு அங்க நடந்துக்கிட்டிருப்பாரு. அவரு காதுல விழும்."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்காகக் கூட இல்லண்ணே. எழுபது வயசு ஆளு. என்னோட எடிட்டால அவர நேர்ல பார்த்து சிரிக்கக் கூடாது. யாருமே சிரிக்காத மாதிரி ஒண்ணு செய்யணும். நீங்க வரணும்" என்றார்.

என் சிரிப்புக்கு அவ்வளவு கிராக்கி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

போனேன். விளக்கு எரிந்த இடத்தையெல்லாம் வெட்டினார். டீக்கடைக்காரர் போனார். கோழி போயிற்று. எங்காளு பல்லிடுக்கில் குச்சியைக் கடிக்கும் இடத்தில் வானம் பிளந்ததைக் கேட்டு நான் அழுத்தினேன். குச்சியும் போயிற்று, வானமும் போயிற்று. குலுக்கலைக் குறைத்தார். மின்னலை எடுத்தார். பெரிய எழுத்தில் வந்த 'வந்துட்டார்' சின்ன எழுத்தாகி, பிறகு காணாமல் போனது. உறுமியை மென்மையாக்கி, மேலே ஒரு புல்லாங்குழலை வைத்தார். ஒருநாள் முழுக் காணொளியும் ஓடி முடிந்தது. விளக்கு எரியவே இல்லை. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகளையும் தூக்கினார். நானும் தூக்கினேன். எதிரெதிரே ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு நடுவயதுக்காரர்கள் சரணடைந்துகொண்டிருந்தோம்.

ரசிகர் மன்றம் என்பது ஒரு வாட்சாப் குழு. அதன் தலைவர் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், வாட்டசாட்டமானவர். காணொளியைப் பார்க்க வேலையுடுப்போடு நேராக வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைகூப்பியபடியே பார்த்தார். முடிந்ததும் எழுந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, தலைவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன் தம்பி?"

"இல்ல... கண்ணீர் அஞ்சலி மாதிரி இருக்கு. கடைசியில பிறந்த வருஷம், ஒரு கோடுன்னு போடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

புல்லாங்குழல் வரும்போதே எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மெதுவாக நடந்து, சத்தமில்லாமல், அழகாக ஒளிமங்கிப் போகிற மனிதர் வேறு எங்கேதான் போவார்?

மன்றத் தலைவரை அதே அறைக்குள் உட்காரவைத்தார். வெட்டுவதற்கு முந்திய பழைய வடிவத்தைப் போட்டார். "தம்பி, விசில் அடிக்கத் தோணுற இடத்துல அழுத்துங்க." அந்த மனிதர் பட்டனை அழுத்திய வேகத்துக்கு அது உடையாமல் இருந்தது ஆச்சரியம். அழுத்தவும் செய்தார், விசிலும் அடித்தார். சத்தம் புகாத அறை என்று பெயர், எங்களுக்குக் கேட்டது. இவர் சிவப்புக் குறிகளை வைத்துக்கொண்டே போனார்.

பிறகு என் பச்சைக் குறிகளையும் கொண்டுவந்து அதே கோட்டில் போட்டார்.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நானும் திரைக்குப் பக்கத்தில் போனேன். குச்சி கடிக்கும் இடத்தில் சிவப்பு, அதே இடத்தில் பச்சை. மின்னலில் சிவப்பு, பச்சை. கால் தரையில் படும் இடத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வேறு ஏதோ நிறமாக இருந்தது. டீக்கடைக்காரர் மட்டும்தான் எனக்கே எனக்கென்று இருந்தார்.

"ரெண்டும் ஒரே இடம்" என்றார் அவர். "பாத்தீங்களா அண்ணே? நீங்க சிரிக்கிற இடத்துலதான் அவன் விசிலடிக்கிறான். நான் உங்க சிரிப்ப வெட்டுறதா நினைச்சு அவன் விசிலையும் சேர்த்து வெட்டியிருக்கேன்."

"சிரிக்கிறாங்களா அக்கா? சிரிச்சா சிரிக்கட்டும்" என்றார் மன்றத் தலைவர். "நானே அங்க சிரிச்சுக்கிட்டேதான் விசிலடிப்பேன். ஒரு குச்சிய கடிச்சா இடி விழுமா? விழாது. எனக்குத் தெரியாதா? விழணும்னு ஆசைக்கா. நாள் பூரா ஹெல்மெட் போடு, பெல்ட்டு போடுன்னு கத்துறேன். ஒருத்தன் திரும்பிப் பாக்குறதில்ல. இவரு பல்லு குத்தினா வானம் கேக்குது."

நான் படித்த விமர்சன நூல்கள் எதிலும் இப்படி ஒரு வரி இல்லை.

அவர் அன்றைக்கே குச்சியைத் திரும்ப வைத்தார். மின்னலையும் வைத்தார். புல்லாங்குழலை எடுத்துவிட்டு உறுமியைப் பழைய பள்ளத்துக்கே இறக்கினார். ஆனாலும் சிரித்துவிடுவார்கள் என்ற பயம் போகவில்லை; அந்தப் பயத்தோடேயே செய்தார். கடைசியில் என்னைக் கேட்காமலேயே டீக்கடைக்காரரையும் சேர்த்துவிட்டார். "இருந்துட்டுப் போகட்டும். அவரும் நடிச்சிருக்காரே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் மன்றத்துக்காரர்கள், வார விடுமுறையில் சலவைச் சட்டையோடு. பின்வரிசைகளில் இலவச டிக்கெட் குடும்பங்கள், ஃபோனைப் பார்த்துக்கொண்டு. ஒலி, ஒளிப் பலகைக்குப் பின்னால் அவர், மன்றத் தலைவர், எதற்கென்றே தெரியாமல் நான். விளக்குகள் அணைந்தன. "அவன் வருவானா?" என்று ஒரு குரல். அமைதி. தாழ்ப்பாள் விலகியது.

இடி விழுந்தது. ஃபோனிலும் ஹெட்ஃபோனிலும் அதன் நிழலை மட்டும் கேட்டிருந்த எனக்கு அன்றுதான் அசல் கிடைத்தது. அது காதுக்கு வரவில்லை, நெஞ்செலும்புக்கு வந்தது. முன்வரிசை எழுந்துவிட்டது. அதே நொடியில் பின்வரிசையிலிருந்து சிரிப்பு வெடித்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

பின்வாசல் திறந்து நிஜமான எங்காளு உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஊன்றுகோல். முழங்கால் தேய்ந்த மனிதர், திரையில் நடந்ததைவிட மெதுவாக நடந்தார். நேராகச் சிரிக்கிற வரிசைகளுக்குள்தான் வந்தார். நின்றார். தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். திரையில் அவர் குச்சியைக் கடித்தார், வானம் பிளந்தது, ஓரத்தில் ஒருவர் மகத்தான முறையில் டீ ஆற்றினார்.

எங்காளு சிரித்தார். தோள் குலுங்க, ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு சிரித்தார். டீக்கடைக்காரரைக் கையால் சுட்டிக்காட்டிப் பக்கத்திலிருந்த ஒரு குடும்பத்திடம் ஏதோ சொன்னார். அந்தக் குடும்பம் எழுந்து நின்று கைதட்டியது. இப்போது விசில் எது, சிரிப்பு எது? என் பக்கத்தில் அந்தக் காது நிபுணர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிரிக்க முடியலண்ணே" என்றார். மணிக்கட்டை விட்டார்.

அப்போது காணொளி முடிந்துவிட்டது.

எங்காளு இன்னும் அரங்கத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. திரை கறுப்பு. வயதான ஒரு மனிதர் சத்தமில்லாத அரங்கத்தில் ஊன்றுகோல் தட்டும் ஓசையோடு நடக்கிறார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். இதை யாரும் யோசிக்கவில்லை. நடையை இழுத்து இழுத்து மெதுவாக்கியவர்களுக்கு, நிஜமாகவே மெதுவாக நடப்பவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்ற கணக்கு தோன்றவில்லை.

என் பக்கத்திலிருந்தவர் பலகை மேல் பாய்ந்தார். மறுபடி தொடக்கத்துக்குப் போகாமல், நடை மட்டும் உள்ள துண்டை எடுத்து, அதன் வாலை அதன் தலையோடு கோத்து ஓடவிட்டார். முரசின் சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழை மட்டும் தன் விரலில் வைத்துக்கொண்டார். திரையை அவர் பார்க்கவே இல்லை. கீழே நடந்து வருகிற காலைப் பார்த்தார். எங்காளு வலதுகாலை எடுத்து, முன்னால் கொண்டுவந்து, தரையில் வைத்தார். குமிழ் ஏறியது. இடி. ஊன்றுகோல். இடதுகால். இடி. இரண்டு மூன்று அடியில் அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். அரங்கமே மூச்சைப் பிடித்தது. இவர் குமிழில் விரலை வைத்தபடி காத்தார். கால் இறங்கியது. இலவச டிக்கெட்டுகள் நாற்காலி மேல் ஏறிவிட்டன.

மேடை ஏறி மைக்கைப் பிடித்ததும் எங்காளு முதலில் கொஞ்ச நேரம் மூச்சுதான் வாங்கினார்.

"எந்தப் படத்துலயும் என்னை இவ்வளவு நேரம் நடக்க விட்டதில்ல" என்றார். "எனக்கே பயமாயிடுச்சு, யாரை அடிக்கப் போறேன்னு. இத செஞ்ச புண்ணியவான் யாரு? மேல வரச் சொல்லுங்க."

காது நிபுணர் பலகைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினார். ஒன்றும் விழவில்லை என்பது எனக்குத் தெரியும். "அக்கா, போங்கக்கா" என்று மன்றத் தலைவர் தோளைப் பிடித்து நடைபாதைக்குத் தள்ளிவிட்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு பெண்மணி என்று தெரிந்ததும் சத்தம் இன்னும் கூடியது. தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் காணொளியை முதலிலிருந்து தட்டினார். விளக்குகள் அணைந்தன. ஒரே ஒரு வெளிச்சம் நடைபாதையில் நின்ற அவர்மேல் விழுந்தது. "அவன் வருவானா?" என்று குரல் கேட்டது. அரங்கம் அடங்கியது.

அவர் நடந்தார். கடைசி ரயிலைப் பிடிக்கிற வேகத்தில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வழியில் நின்றவர்களிடம் "எக்ஸ்கியூஸ் மீ, சாரி, எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று போனார். ஓட்டப்பந்தயக் காலணி ஒரு சத்தமும் செய்யவில்லை. தாழ்ப்பாள் விலகுவதற்குள் படியேறிவிட்டார். இடி விழுந்தபோது அவர் மேடையில், எங்காளுக்குப் பக்கத்தில் நின்று, கைப்பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தார்.